ஒரே வெப்பநிலைக்கு இரண்டு விடை: பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு நாப்தலீன்–பைபினைல் கலவை

பின்னணி

இது ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் நடந்தது. அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது பெயர்ச்சீட்டு அழிந்துபோன ஒரு புட்டி கிடைத்தது. உள்ளே வெள்ளைத் திண்மம், மொத்தம் 72 கிராம். முந்தைய வகுப்பு நாப்தலீனையும் பைபினைலையும் உருக்கிக் கலந்து வைத்தது என்பது மட்டும் குறிப்பேட்டில் இருந்தது. எந்த விகிதம் என்று யாரும் எழுதவில்லை.

இதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. இந்த இரண்டும் சேரும் யூடெக்டிக் கலவை ஏறத்தாழ 40 °C-இல் ஒரே வெப்பநிலையில் உறையும். வெப்பமானிகளைச் சரிபார்க்க அப்படி ஒரு மாதிரி எங்களுக்குத் தேவையாக இருந்தது. புட்டியில் இருப்பதன் விகிதம் தெரிந்தால், குறைகிற பொருளைச் சேர்த்து யூடெக்டிக்காக மாற்றிவிடலாம். இந்த வேலையை மூன்று மாணவர்களிடம் கொடுத்தேன்.

இந்த இணையின் நிலைமை வரைபடம் எளிமையானது. படுக்கை அச்சில் நாப்தலீனின் எடை விழுக்காடு. இடது ஓரம் தூய பைபினைல், உருகுநிலை 69 °C. வலது ஓரம் தூய நாப்தலீன், உருகுநிலை 80 °C. இரண்டு ஓரங்களிலிருந்தும் ஒவ்வொரு திரவக் கோடு, அதாவது குளிரும்போது முதல் திண்மம் படியும் வெப்பநிலையைக் காட்டும் கோடு, இறங்கி வந்து நடுவில் சந்திக்கிறது. எங்கள் ஆய்வக வரைபடத்தில் அந்தச் சந்திப்பு 39.5 விழுக்காடு நாப்தலீன், 40 °C. திரவ நிலையில் இரண்டும் முழுதாகக் கலக்கும். திண்ம நிலையில் கலக்காது என்றே கொள்ளலாம். அதனால் குளிரும்போது படிவது தூய பைபினைலாகவோ தூய நாப்தலீனாகவோ இருக்கும். உலோகக் கலவைகளில் வருகிற திண்மக் கரைசல் தொல்லை இங்கே இல்லை.

முதல் ஓட்டம்

புட்டியிலிருந்து 12 கிராம் எடுத்து ஒரு பெரிய சோதனைக் குழாயில் போட்டு, வெந்நீரில் முழுதும் உருக்கினார்கள். அதை இன்னும் அகலமான ஒரு குழாய்க்குள் நிறுத்தி, சுற்றிலும் காற்று இடைவெளி விட்டு, வெளியே 25 °C நீர் வைத்தார்கள். காற்று உறை இருந்தால் குளிர்தல் மெதுவாகவும் சீராகவும் நடக்கும். கம்பிக் கலக்கியால் கலக்கிக்கொண்டே 15 வினாடிக்கு ஒரு முறை வெப்பநிலை குறித்தார்கள்.

அறிக்கை மறுநாள் வந்தது. முதல் திண்மம் 51.6 °C-இல் தோன்றியது; நாப்தலீன் 52 விழுக்காடு; 40 °C-ஐ எட்டும்போது குழாயில் 9.5 கிராம் திண்ம நாப்தலீன், 2.5 கிராம் திரவம். புட்டியில் மிச்சமுள்ள 60 கிராமுக்கு 19 கிராம் பைபினைல் சேர்த்தால் யூடெக்டிக் ஆகிவிடும். கணக்கு அழகாக எழுதப்பட்டிருந்தது. பைபினைலைக்கூட எடை போட்டு ஒரு தாளில் மடித்து வைத்திருந்தார்கள்.

ஒன்பதரை கிராம்

எனக்கு இடித்தது அந்த 9.5 தான். "குழாய்ல மொத்தம் எவ்வளவு நாப்தலீன் இருக்கு?" என்று கேட்டேன். ஒரு மாணவி உடனே கணக்குப் போட்டார். 12 கிராமில் 52 விழுக்காடு என்றால் 6.2 கிராம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இருப்பதே ஆறேகால் கிராமுக்குள் இருக்க, படிந்தது மட்டும் எப்படி ஒன்பதரை கிராம் ஆகும்?

திண்மம் எவ்வளவு, திரவம் எவ்வளவு என்று வரைபடத்திலிருந்து கணக்கிடும் நெம்புகோல் விதியில்தான் தவறு இருந்தது. வரைபடத்தில் 40 °C உயரத்தில் ஒரு படுக்கைக் கோடு போட்டு, அதன் மேல் மூன்று புள்ளிகளைக் குறித்திருந்தார்கள்: திரவம் 39.5, கலவை 52, திண்ம நாப்தலீன் 100. கலவைப் புள்ளி தான் தாங்குமுனை. அங்கிருந்து திரவம் வரை ஒரு கை, நீளம் 12.5. திண்மம் வரை இன்னொரு கை, நீளம் 48. மொத்தம் 60.5. திண்மத்தின் பங்கைக் கேட்டதும் திண்மத்தின் பக்கம் உள்ள கையை எடுத்து 48-ஐ 60.5-ஆல் வகுத்துவிட்டார்கள்.

எடுக்க வேண்டியது எதிர்க் கை. ஏற்றப்பலகையில் கனமான பிள்ளை தாங்குமுனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பலகை சமமாக நிற்கும். அதே போல, கலவைப் புள்ளி எந்த நிலைமைக்கு நெருங்கி இருக்கிறதோ அந்த நிலைமையே அதிகம். 52 என்பது 39.5-க்குப் பக்கத்தில் இருக்கிறது, 100-க்கு எட்டத்தில் இருக்கிறது. ஆகவே திரவம்தான் அதிகமாக இருந்தாக வேண்டும். சரியான கணக்குப்படி திண்மம் 12.5 / 60.5, அதாவது 12 கிராமில் 2.5 கிராம்.

இதை அறிக்கையில் திருத்திவிட்டு மேலே போயிருக்கலாம். ஆனால் கைகளை மாற்றிப் போட்டவர்கள் வளைகோட்டை எப்படிப் படித்திருப்பார்கள் என்ற சந்தேகம் வந்தது. பைபினைல் பொட்டலத்தை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, அளவீட்டுத் தாளை வாங்கினேன்.

வளைகோட்டை மறுபடி படித்தது

முதல் திருப்பம் வந்த இடத்தில், 15 வினாடி இடைவெளியில், தாளில் இருந்த எண்கள் இவை:

55.8, 54.6, 53.4, 52.3, 51.6, 52.4, 52.5, 52.2, 51.8, 51.4

வெப்பநிலை 51.6 வரை இறங்கி, ஏறி, மறுபடி இறங்குகிறது. மாணவர்கள் அந்தக் குழியின் அடியை எடுத்துக்கொண்டார்கள். "அங்கேதான் கலங்கல் வந்தது, சார்" என்றார்கள். அவர்கள் கண்ணால் பார்த்தது உண்மைதான். ஆனால் கலங்கல் தெரிந்த நேரமும் திண்மம் படிய வேண்டிய வெப்பநிலையும் ஒன்றல்ல. முதல் படிகம் உருவாகத் தாமதமானதால் திரவம் தன் உறைநிலைக்குக் கீழேயும் திரவமாகவே இறங்கியிருக்கிறது. இது மிகைக்குளிர்வு. படிகம் பிறந்ததும் உறைதல் வெப்பம் சட்டென்று வெளிவந்து வெப்பநிலையை ஏற்றுகிறது.

சரி, அப்படியானால் ஏறி நின்ற 52.5 விடையா? அதுவும் இல்லை. தூய பொருளாக இருந்தால் ஏறி நிற்கும் இடமே உறைநிலை. கலவையில் அப்படி அல்ல. மீண்டு வருவதற்குள் கணிசமான திண்மம் படிந்து, மிச்சத் திரவத்தின் விகிதம் மாறிவிட்டிருக்கும். 52.5 என்பது அந்த மாறிய திரவத்துக்கு உரிய வெப்பநிலை.

செய்ய வேண்டியது, குழிக்குப் பிறகு சீராக இறங்கும் பகுதியைப் பின்னோக்கி நீட்டுவது. 52.2, 51.8, 51.4 என்று ஒவ்வொரு 15 வினாடிக்கும் 0.4 பாகை இறங்குகிறது. அதற்கு முந்தைய குளிர்வுக் கோடு 1.2 பாகை வீதம் இறங்குகிறது. மெதுவான கோட்டை அடிமட்டம் வைத்து இடப்பக்கம் நீட்டினால் இரண்டும் 54.6 °C-இல் வெட்டிக்கொள்கின்றன. மிகைக்குளிர்வு இல்லாதிருந்தால் வளைகோடு அங்கேதான் மடங்கியிருக்கும். குழியின் அடிக்கும் இதற்கும் மூன்று பாகை வித்தியாசம்; வரைபடத்தில் அது நான்கு விழுக்காடு வரை பிசகும்.

இந்த இடத்தில் வளைகோடு ஏன் மடங்குகிறது, 40 °C-இல் மட்டும் ஏன் தட்டையாக நிற்கிறது என்று ஒருவர் கேட்டார். அழுத்தம் மாறாதபோது நிலைமை விதி F = C − P + 1. F விடுதலைகளின் எண்ணிக்கை, C கூறுகளின் எண்ணிக்கை, P நிலைமைகளின் எண்ணிக்கை. இங்கே கூறுகள் இரண்டு. திரவமும் ஒரு திண்மமும் இருந்தால் P = 2, எனவே F = 1. வெப்பநிலைக்கு இன்னும் ஒரு விடுதலை இருக்கிறது; படியும் திண்மம் வெளிவிடும் வெப்பம் இறக்கத்தை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. 40 °C-இல் இரண்டாவது திண்மமும் சேர்ந்துகொள்வதால் P = 3, F = 0. திரவம் தீரும் வரை வெப்பநிலை அசைய முடியாது.

இன்னொரு கிளை

54.6-ஐ வைத்து மாணவர்கள் மறுபடி வரைபடத்துக்குப் போனார்கள். படுக்கைக் கோடு வலப்பக்கத் திரவக் கோட்டைத் தொட்ட இடம் 56 விழுக்காடு நாப்தலீன். எழுதிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போகப் பார்த்தார்கள். "கோட்டை ஏன் பாதியில நிறுத்திட்டீங்க? இடப்பக்கமும் இழுங்க" என்றேன். இழுத்தால் அது இடக் கிளையையும் வெட்டுகிறது, 22 விழுக்காட்டில்.

இந்த வழக்கின் நடுப்புள்ளி இதுதான். யூடெக்டிக் வரைபடம் பள்ளத்தாக்கு மாதிரி. ஒரு உயரத்தைச் சொன்னால் இரு சரிவுகளிலும் ஒவ்வோர் இடம் இருக்கும். முதல் திருப்பத்தின் வெப்பநிலை எந்தச் சரிவு என்று சொல்லாது. படிவது நாப்தலீனா பைபினைலா என்பதையும் சொல்லாது, இரண்டும் வெள்ளைதான். 69 °C-க்கு மேல் திருப்பம் வந்திருந்தால் குழப்பமில்லை, அது நாப்தலீன் பக்கம்தான். அதற்குக் கீழே எல்லா வெப்பநிலைக்கும் இரட்டை விடை. மாணவர்கள் வலப்பக்கத்தை எடுத்ததற்குக் காரணம் எதுவும் இல்லை. புட்டியைத் திறந்ததும் நாப்தலீன் வாசனை தூக்கலாக அடித்தது என்று ஒருவர் சொன்னார், அவ்வளவுதான்.

குளிர்வு வளைகோட்டிலேயே ஒரு துப்பு இருந்தது: 40 °C தட்டைப் பகுதியின் நீளம். எந்தக் கலவையிலிருந்து கிளம்பினாலும் 40 °C-க்கு வந்து சேரும் திரவத்தின் விகிதம் ஒன்றே, அதனால் ஒரு கிராம் உறைய விடும் வெப்பமும் ஒன்றே. குழாய், எடை, குளிர்நீர் எதுவும் மாறாவிட்டால் தட்டையின் நேரம் யூடெக்டிக் திரவத்தின் அளவுக்கு நேர்விகிதம். வேதியியலாளர் குஸ்தாவ் டாம்மான் இந்த நேரங்களையே விகிதத்துக்கு எதிராக வரைந்து யூடெக்டிக் புள்ளியைக் கண்டுபிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

எங்கள் பழைய பதிவில் 12 கிராம் யூடெக்டிக் கலவைக்கு இதே அமைப்பில் தட்டை 14 நிமிடம். 56 விழுக்காடு என்றால் திரவத்தின் பங்கு 44 / 60.5, அதாவது 0.73, தட்டை 10 நிமிடம் வர வேண்டும். 22 விழுக்காடு என்றால் பங்கு 22 / 39.5, அதாவது 0.56, தட்டை 8 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மாணவர்களின் தாளில் தட்டை எங்கே முடிந்தது? அங்கேதான் சிக்கல். குழாயில் திண்மம் கெட்டியாகிக் கலக்கி நகராமல் போனதும் வளைகோட்டின் முடிவு கூர்மையாக இல்லாமல் வளைந்து இறங்கியிருந்தது. எட்டு என்றும் சொல்லலாம், ஒன்பதரை என்றும் சொல்லலாம். இடப்பக்கம் என்று என் மனம் சாய்ந்தது. ஆனால் அந்தச் சாய்வை நம்பி 60 கிராமில் கை வைக்க விரும்பவில்லை.

ஒரு கிராம் சேர்த்துப் பார்த்தது

முடிவு செய்தது இது: அதே குழாயில் 1 கிராம் தூய நாப்தலீன் சேர்த்து, முழுதும் உருக்கி, மறுபடி குளிர்விப்பது. கலவை வலச் சரிவில் இருந்தால் நாப்தலீன் சேர்ப்பது மேலே ஏற்றும். இடச் சரிவில் இருந்தால் பள்ளத்தின் அடியை நோக்கி இறக்கும். எந்தத் திசை என்பதே விடை. துல்லியமான எண்கூடத் தேவையில்லை.

ஆனாலும் எண்ணை முன்கூட்டியே கணக்கிட்டு எழுதி வைக்கச் சொன்னேன். கலவை 56 விழுக்காடாக இருந்தால் புதிய விகிதம் 59.4, திருப்பம் 57 °C அருகே. 22 விழுக்காடாக இருந்தால் புதிய விகிதம் 28, திருப்பம் 50 °C-ஐ ஒட்டி. இரண்டுக்கும் நடுவில் ஏழு பாகை. வளைகோட்டைச் சற்றுத் தவறாகப் படித்தாலும் இந்த இடைவெளியை மறைக்க முடியாது.

சேர்ப்பதற்கு முன் குழாயை எடை போட்டோம். நாப்தலீன் ஆவியாகிக் குழாயின் மேல்பகுதியில் பூப்பூவாக ஒட்டிக்கொள்ளும். அப்படிப் போனது கணக்கில் வராவிட்டால் விகிதம் மெல்ல மாறும். தக்கை இறுக்கமாக இருந்ததால் எடை குறையவில்லை, சுவரில் ஒட்டியதை உருக்கும்போது கீழே வழியவிட்டார்கள்.

இரண்டாவது ஓட்டத்தில் 57-ஐத் தாண்டியது, எதுவும் நடக்கவில்லை. 54-ஐயும் தாண்டியது. பின்னோக்கி நீட்டிப் படித்த திருப்பம் 50.3 °C. கலவை இடச் சரிவில் இருந்தது. 22 விழுக்காடு நாப்தலீன், 78 விழுக்காடு பைபினைல். மாணவர்கள் முதலில் சொன்னபடி 19 கிராம் பைபினைலைப் புட்டியில் கொட்டியிருந்தால் நாப்தலீன் 17 விழுக்காட்டுக்குக் கீழே போயிருக்கும். யூடெக்டிக்கை நெருங்குவதற்குப் பதில் இன்னும் விலகியிருப்போம்.

நெம்புகோல், இந்த முறை சரியாக

இப்போது முதல் 12 கிராம் மாதிரிக்கே கணக்கை மறுபடி போட்டார்கள். முதலில் 50 °C-இல் என்ன இருந்திருக்கும்? அந்த உயரத்தில் இடக் கிளை 28.3 விழுக்காட்டில் இருக்கிறது. திண்மம் தூய பைபினைல், அதாவது 0. கலவை 22. திண்மத்தின் பங்கு எதிர்க் கை, 28.3 − 22 = 6.3, மொத்த நீளம் 28.3. பங்கு 0.22. 12 கிராமில் 2.7 கிராம் திண்ம பைபினைல், 9.3 கிராம் திரவம்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு, இதை நான் விடாமல் செய்யச் சொல்வேன். நாப்தலீன் முழுதும் திரவத்தில்தான் இருக்க வேண்டும். 9.3 கிராமில் 28.3 விழுக்காடு 2.6 கிராம். குழாயில் மொத்த நாப்தலீன் 12-இல் 22 விழுக்காடு, அதுவும் 2.6 கிராம். கைகளை மாற்றிப் போட்டிருந்தால் இந்த இரண்டும் ஒத்துவராது.

40 °C-ஐ எட்டும் கணத்தில் திரவம் 39.5-இல் இருக்கிறது. திண்மம் 17.5 / 39.5 = 0.44, அதாவது 5.3 கிராம் பைபினைல். மிச்சம் 6.7 கிராம் யூடெக்டிக் திரவம். இது தட்டையில் உறையும்போது 2.65 கிராம் நாப்தலீனாகவும் 4.05 கிராம் பைபினைலாகவும் பிரியும். எல்லாம் முடிந்தபின் குழாயில் 9.35 கிராம் பைபினைல் இருக்கும், ஆனால் அது இரண்டு தவணையாக வந்தது: 5.3 கிராம் முதலில் தனியாக வளர்ந்த பெரிய படிகங்கள், மிச்சம் நாப்தலீனோடு பின்னிய நுண்ணிய கலப்பு. ஒரு மாணவர் "யூடெக்டிக்" என்பதை மூன்றாவது திண்மமாக எழுதியிருந்தார். அது தனி நிலைமை அல்ல; இரண்டு திண்மங்களும் சேர்ந்தே உறைந்த கலப்பு. நிலைமை விதியில் அதை ஒன்றாக எண்ணினால் கணக்கு உதைக்கும்.

இன்னொன்று. வரைபடத்தின் அச்சு எடை விழுக்காடு என்றால் நெம்புகோல் தருவது எடைப் பங்கு. மோல் பின்னம் என்றால் மோல் பங்கு. அச்சை மோலில் வைத்துவிட்டு வந்த பங்கை 12 கிராமால் பெருக்கினால், இந்த இணையில் மூலக்கூறு எடைகள் 128, 154 என்று அருகருகே இருப்பதால் பிழை சின்னதாக இருக்கும். சின்னதாக இருப்பதால்தான் கண்ணில் படாது.

புட்டியைச் சரிசெய்தது

60 கிராமில் நாப்தலீன் 13.2, பைபினைல் 46.8. யூடெக்டிக்கில் பைபினைல் 60.5 விழுக்காடு இருக்க வேண்டும்; 46.8 கிராம் அந்தப் பங்காக இருக்க மொத்தம் 77.4 கிராம் வேண்டும். அப்படியானால் 17.4 கிராம் நாப்தலீன் சேர்க்க வேண்டும். சேர்த்து, வெந்நீரில் வைத்துத் தெளிந்த திரவமாகும் வரை உருக்கி, நன்றாகக் கலக்கி உறையவைத்தார்கள்.

அதிலிருந்து 12 கிராம் எடுத்துச் செய்த ஓட்டத்தில் முதல் திருப்பம் எதுவும் தெரியவில்லை. வெப்பநிலை 36 வரை மிகைக்குளிர்ந்து, 40-க்குத் துள்ளி, 14 நிமிடத்துக்குச் சற்றுக் குறைய அங்கேயே நின்றது. இங்கே ஏறி நின்ற வெப்பநிலையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். யூடெக்டிக் விகிதத்தில் உறையும்போது திரவத்தின் விகிதம் மாறுவதில்லை.

இதை வைத்துப் புட்டியில் இருப்பது துல்லியமாக யூடெக்டிக் என்று சொல்ல மாட்டேன். விகிதம் ஒரு விழுக்காடு பிசகினால் திரவக் கோடு யூடெக்டிக்குக்கு மேலே ஒரு பாகைக்குக் குறைவாகவே நகரும். எங்கள் வெப்பமானியிலும் இந்த மிகைக்குளிர்விலும் அது புதைந்துபோகும். ஆனால் எங்கள் தேவைக்கு அது தடையில்லை. சற்றுப் பிசகிய கலவையும் அதே 40 °C-இல்தான் தட்டையாக நிற்கும், நேரம் மட்டும் கொஞ்சம் குறையும்.

அடுத்த முறை மாற்றுவது

ஒரு கிராம் சேர்க்கும் சோதனை வேலை செய்தது, ஆனால் மாதிரியின் விகிதத்தை மாற்றிவிட்டது. அந்த 13 கிராமைப் புட்டியில் திருப்பிப் போட முடியவில்லை. யோசித்தபோது அதைவிடச் சிக்கனமான வழி இருந்தது தெரிந்தது. 53 °C-இல் திரவம் இன்னும் தெளிவாக மிகைக்குளிர்ந்து நிற்கும்போது ஒரு துணுக்கு நாப்தலீன் போட்டிருந்தால் அது கரைந்துபோயிருக்கும், ஏனெனில் அந்தத் திரவம் நாப்தலீனால் நிறைவுறவில்லை. ஒரு துணுக்கு பைபினைல் போட்டிருந்தால் அதைச் சுற்றி உடனே படிகம் வளர்ந்திருக்கும். எந்தச் சரிவு என்பது அப்போதே தெரிந்திருக்கும், அடுத்த ஓட்டத்தின் மிகைக்குளிர்வும் அடங்கியிருக்கும்.

பிறகு ஒரு நாள் அதே மாணவி, மிச்சமிருந்த அந்த 13 கிராம் கலவையில் இதைச் செய்துபார்த்தார். நாப்தலீன் துணுக்கு கண்ணெதிரே ஓரம் மழுங்கிக் கரைந்தது. பைபினைல் துணுக்கைச் சுற்றித் தகடு தகடாக வெள்ளை பரவியது. தக்கையை மூடிவிட்டு, புட்டிக்குப் புதிய பெயர்ச்சீட்டு ஒட்டினார். இந்த முறை விகிதத்தையும் தேதியையும் பென்சிலால் எழுதி, மேலே ஒட்டுநாடா ஒட்டியிருந்தார்.